தூத்துக்குடிக்கு 'ரின்' எங்கிருந்து வந்தது?

தூத்துக்குடி என்ற பெயரை மெல்லச் சொல்லிப் பாருங்கள். முடிவில் நிற்பது 'குடி'. அதில் ர் இல்லை, ன் இல்லை. ஆனால் சில நூற்றாண்டுகளாக வரைபடங்களிலும் கப்பல் கணக்குகளிலும் அந்த ஊர் Tuticorin என்றே எழுதப்பட்டு வந்திருக்கிறது. கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: "வெள்ளைக்காரன் வாயில நம்ம பேரு நுழையலை."

இந்தப் பதில் எனக்கு ஒருபோதும் போதுமானதாக இருந்ததில்லை. 'குடி' என்பதைச் சொல்ல ஆங்கிலேயருக்கு என்ன சிரமம்? அவர்கள் மொழியில் க உண்டு, டி உண்டு. தமிழரைப் போல நாக்கை வளைக்க வராவிட்டாலும் 'டூட்டுக்குடி' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். 'கொரின்' என்பது 'குடி'யைவிட எளிதான ஒலியும் அல்ல. ஆக, அந்த 'ரின்' ஆங்கிலேயரின் நாக்கில் பிறந்ததாக இருக்க முடியாது. அவர்களுக்கு முன்பே வேறு யாரோ அதை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

அந்த வேறு யாரோ போர்ச்சுகீசியர்கள். 1530களில் முத்துக்குளித்துறையில் அவர்கள் கால் ஊன்றினார்கள். பிரான்சிஸ் சேவியர் 1542இல் அந்தக் கடற்கரைக்கு வந்தார். அந்தக் காலத்துப் போர்ச்சுகீசியக் கடிதங்களில் ஊரின் பெயர் Tutucurim என்பது போன்ற வடிவங்களில் வருகிறது. 'ரின்' வந்த வழி இதற்குள்தான் இருக்கிறது. அதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அந்த ர். 'பட்டு' என்பதில் வரும் ட் வேறு, 'குடி'யில் வரும் ட் வேறு. எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. 'பட்டு' சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒரு கணம் நிற்கிறது. 'குடி' சொல்லும்போது வளைந்த நாக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு உடனே விழுந்துவிடுகிறது. போர்ச்சுகீசிய மொழியில் வளைநா ஒலி கிடையாது. ஒரே தட்டில் முடிகிற ஒலி என்று அவர்களிடம் இருந்தது மெல்லிய ர் மட்டும்தான். அதனால் 'குடி' அவர்கள் காதில் 'குரி' என்று விழுந்தது. இது நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படுபவர்கள் சண்டிகரை நினைத்துக்கொள்ளலாம். இந்தியில் அந்த ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து வளைநாவில் தட்டுகிற ஒலிதான். ஆங்கிலத்தில் அதை r போட்டு எழுதினார்கள். அதைப் பார்த்து நாமும் தமிழில் 'சண்டிகர்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். தூத்துக்குடிக்கு நேர்ந்தது அதே விபத்துதான்.

அடுத்தது கடைசியில் உள்ள m. அயல்மொழிச் சொல் ஒன்று உயிரொலியில் முடிந்தால், போர்ச்சுகீசியர்கள் அந்த முடிவைப் பலமுறை மூக்கு வழியாக இழுத்துச் சொன்னார்கள். அந்த மூக்கொலியைக் காட்டத்தான் m போட்டார்கள். அந்த இடத்தில் m 'ம்' என்று உதடு மூடி ஒலிப்பதில்லை, உயிரொலியை மூக்கு வழியாக விடு என்பதற்கான குறி அது. கொச்சி Cochim ஆனது இப்படித்தான். பம்பாய் Bombaim ஆனது. நம் பல்லக்குகூட அவர்கள் எழுத்தில் palanquim ஆகி, ஆங்கிலத்தில் palanquin என்று நிலைத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் இந்தக் குறியை உண்மையான மெய்யெழுத்து என்று எடுத்துக்கொண்டு n போட்டார்கள். கொச்சி Cochin ஆன அதே பாதையில் தூத்துக்குடி Tuticorin ஆனது.

ஆகவே, அந்தப் போர்ச்சுகீசிய எழுத்தரை எழுப்பி உட்காரவைத்து, அவர் எழுதியதை அவரையே படிக்கச் சொன்னால், நம் காதில் விழுவது ஏறக்குறைய 'தூத்துக்குரி' என்பதாகத்தான் இருக்கும், கடைசியில் கொஞ்சம் மூக்கொலியோடு. ஒரே ஒரு ஒலியில் தவறினார், மற்றபடி காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர்கள் கைக்குப் போனது, பிறகு ஆங்கிலேயர்களிடம் வந்தது. இவர்கள் ஊர்க்காரர்களிடம் பெயரைக் கேட்டு எழுதவில்லை. முன்னவர்களின் எழுத்தைப் பார்த்து எழுதினார்கள், அதைத் தங்கள் மொழி வழக்கப்படி படித்தார்கள். சிதைவின் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது.

இதை ஒரு சாவியாக வைத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரையில் மேலே போனால் பல பூட்டுகள் திறக்கின்றன. தரங்கம்பாடி Tranquebar ஆனதை எடுத்துக்கொள்வோம். 'பாடி'யில் வருவதும் 'குடி'யில் வருவதும் அதே தட்டொலி. அங்கே 'குரி', இங்கே 'பாரி'. கடைசி இகரம் தேய்ந்துபோக மிஞ்சியது 'பார்'. முன்பாதியில் 'தரங்' என்பதன் முதல் அகரம் விழுங்கப்பட்டு 'த்ரங்' ஆகிவிட்டது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். தங்கள் ஏடுகளில் அவர்கள் எழுதிய பெயர் Trankebar. போர்ச்சுகீசியரிடம் 'ர்' ஆன அதே ஒலி இவர்கள் எழுத்திலும் 'ர்' ஆகவே நிற்கிறது.

நாகப்பட்டினம் Negapatam ஆனதும் மூக்கொலி விவகாரம்தான். 'பட்டினம்', 'பட்டணம்' என்று முடிகிற ஊர்களைப் போர்ச்சுகீசியர்கள் -patão என்று எழுதினார்கள், சிலர் அதையே -patam என்றும் எழுதினார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றே, மூக்கில் முடிகிற 'பட்டாவ்' போன்ற ஒலி. ஆங்கிலேயர் -patam என்பதைப் பார்த்து எழுத்துக்கூட்டி 'பட்டாம்' என்று படித்தார்கள். விசாகப்பட்டினமும் மசூலிப்பட்டினமும் அதே அச்சில் வார்க்கப்பட்டன.

இந்தக் கதையில் என்னை அதிகம் பாதித்த ஊர் யாழ்ப்பாணம். போர்ச்சுகீசியர் 'யாழ்ப்பாணப்பட்டினம்' என்பதை Jafanapatão என்று எழுதினார்கள். ழகரம் அங்கேயே தொலைந்தது. ஆனால் யகரம் அப்போது தொலையவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கையெழுத்தில் I, J இரண்டும் தனித்தனி எழுத்துகளாக முழுதும் பிரிந்திருக்கவில்லை. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கோ J என்றாலே 'ய'தான், இன்றுவரை அவர்கள் மொழியில் அப்படித்தான். அவர்கள் J போட்டு எழுதியபோது வாயில் வந்தது 'யாஃபனா' என்பதற்கு நெருக்கமான ஒலி. ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகள் அந்த யாழ் அப்படியே பாதுகாப்பாக இருந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்த J-யைத் தங்கள் வழக்கப்படி 'ஜ' என்று படித்தார்கள். எழுத்தில் யாரும் கை வைக்கவில்லை, படிப்பவர் மாறினார், 'யா' 'ஜா'வாகிவிட்டது.

புதுச்சேரிக்கு நேர்ந்தது இதைவிட எளிமையான விபத்து. பிரெஞ்சில் உகர ஒலிக்கு ou என்று இரண்டு எழுத்து எழுத வேண்டும். ஆகவே 'புது' என்பது poudou, poudi என்பதுபோல் தொடங்க வேண்டும். இறகுப் பேனாவால் வேகமாக எழுதும்போது u-வும் n-உம் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் இரண்டு கால்கள், மேலே மூடியதா கீழே மூடியதா என்பதுதான் வித்தியாசம். யாரோ ஒருவர் நகல் எடுக்கும்போது Pou என்பது Pon ஆனது, Pondichéry பிறந்தது என்பதே பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். காதும் நாக்கும் இதில் குற்றவாளிகள் அல்ல. கண்தான் தவறியது.

நகலெடுப்பது அன்றைய கும்பினி நிர்வாகத்தில் எவ்வளவு பெரிய வேலை என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விபத்து வியப்பாக இருக்காது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்கிற இளைஞனின் முதல் பதவிக்குப் பெயரே 'ரைட்டர்'. ராபர்ட் கிளைவ் 1744இல் சென்னைக்கு வந்தது அந்தப் பதவியில்தான். கணக்குகளையும் கடிதங்களையும் எழுதுவது, நகலெடுப்பது, ஒரே கடிதத்தின் படிகளை வெவ்வேறு கப்பலில் லண்டனுக்கு அனுப்பத் தயார் செய்வது இவைதாம் வேலை. நம் காவல் நிலையங்களில் இன்றும் எழுத்து வேலை பார்ப்பவரை ரைட்டர் என்றுதான் அழைக்கிறோம். பதினெட்டு வயதுப் பையன், தமிழ் தெரியாது, முன்னால் முந்தைய ஆண்டின் கடிதக் கட்டு. ஊர்ப் பெயரை அவன் வாசலில் நிற்கும் காவலாளியிடம் கேட்டு எழுதுவானா, கட்டைப் பார்த்து எழுதுவானா?

ஆனால் ஆங்கிலேயர் தாங்களே கேட்டு எழுதிய பெயர்களும் உண்டு. இங்கேதான் நாம் அவர்களுக்குக் கொஞ்சம் அநியாயம் செய்கிறோம் என்று நினைக்கிறேன். Dindigul என்பதை நாம் 'டிண்டிகுல்' என்று படித்துவிட்டு, திண்டுக்கல்லை இப்படிக் கெடுத்துவிட்டார்களே என்கிறோம். ஆங்கிலத்தில் but, cut போன்ற சொற்களில் u என்ன ஒலி தருகிறது? அகரத்துக்கு மிக நெருங்கிய ஒலி. ஆங்கிலேயன் gul என்று எழுதினால் அவன் வாயில் வருவது 'கல்'. பழனி மலையை Pulney என்று எழுதியதும் 'பல்னி' என்று படிப்பதற்காகத்தான். செங்கல்பட்டு Chingleput ஆனதிலும் கடைசி put என்பது 'பட்'. அதை 'புட்' என்று படித்துச் சிரித்தது, பிற்காலத்தில் ஆங்கிலம் கற்ற நாம்தான். வாயால் சொன்னதை அவர் ஓரளவு சரியாக எழுதிவைத்தார். நாம் வேறு விதியால் படித்தோம்.

வேறொரு வகைப் பெயர்களில், அந்த எழுத்தர்கள் நம் புலவர்களைவிட உண்மையாக நடந்துகொண்டிருக்கிறார்கள். மதுரையை Madura என்று ஐகாரத்தை வெட்டி எழுதினார்கள் என்பது குறை. மதுரைக்காரர் ஒருவர் ஊரைப் பற்றிப் பேசுவதைக் கேளுங்கள், "நம்ம மதுரக்கு வாங்க" என்பார். சொல்லின் கடைசி ஐகாரம் பேச்சில் அகரமாகக் குறுகுவது தமிழின் இயல்பு. காஞ்சிபுரத்தின் Conjeeveram என்ற வடிவமும் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததல்ல, நம் மக்கள் வாயில் இருந்த 'காஞ்சீவரம்'தான் அது. திருநெல்வேலி Tinnevelly ஆனபோது 'ரு'வும் 'ல்'லும் காணாமல் போயின. வேகமாகப் பேசும் ஊர்க்காரர் வாயிலும் அவை தேய்ந்து 'தின்னவேலி' என்று வருவதைக் கேட்கலாம். ஏட்டுத் தமிழை வைத்துப் பார்த்தால் இவை சிதைவுகள். தெருவில் கேட்ட தமிழை வைத்துப் பார்த்தால், ஒலிப்பதிவுக் கருவி இல்லாத காலத்தின் பேச்சுக்குக் கிடைத்த சாட்சிகள்.

எல்லாவற்றையும் இப்படிக் காப்பாற்றிவிட முடியாது. திருச்சிராப்பள்ளிக்கு Trichinopoly எந்த விதத்திலும் நியாயம் செய்யவில்லை. தமிழில் ஒவ்வோர் அசைக்கும் அதன் பங்கு உண்டு, எதையும் விழுங்காமல் சொல்கிறோம். ஆங்கிலம் ஓர் அசையை அழுத்திவிட்டு அக்கம்பக்கத்தை விழுங்குகிற மொழி. ஆகவே 'திரு' என்று தொடங்குகிற ஊர்களில் உகரமோ இகரமோ நிற்கவில்லை. திருச்சி, திருவல்லிக்கேணி, திருகோணமலை, திருவனந்தபுரம் எல்லாம் Tri என்ற ஒரே முட்டுக்குள் அடங்கின. ழகரத்துக்கும் கதி இல்லை. பழவேற்காட்டில் அது l ஆகி Pulicat என்று ஊர் மாறியது. எழும்பூரில் அது g ஆகி Egmore என்று நின்றது. ஒரே எழுத்து ஓர் ஊரில் ல, ஓர் ஊரில் க, யாழ்ப்பாணத்தில் ஒன்றுமே இல்லை. இல்லாத ஒலியைக் கேட்கும் காது ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொள்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். தமிழை நன்றாகக் கற்ற ஐரோப்பியர்களும் இருந்தார்களே, அவர்கள் ஏன் திருத்தவில்லை? தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டவர். ஆனால் ஐரோப்பாவுக்கு எழுதும்போது ஊரின் பெயரை Tranquebar என்றே எழுதினார். கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒலிகளை அலசி ஒப்பிலக்கணம் எழுதியவர். 1881இல் அவர் எழுதிய திருநெல்வேலி வரலாற்று நூலின் தலைப்பிலேயே Tinnevelly என்றுதான் இருக்கிறது. தெரியாமல் எழுதவில்லை. கடிதம் போய்ச் சேர வேண்டும், வரைபடத்தோடு பொருந்த வேண்டும், படிப்பவருக்கு எந்த ஊர் என்று புரிய வேண்டும். ஒருமுறை அச்சேறிய பெயர் முகவரியாகிவிட்டால், அதை மாற்றுவது அறிவுள்ள தனி மனிதரால் ஆகிற காரியமில்லை.

அரசாங்கம் முயன்றபோதும் அதுதான் நடந்தது. 1870களில் வில்லியம் ஹண்டரின் முறைப்படி இந்திய ஊர்ப் பெயர்களை ஒழுங்காக ரோமன் எழுத்தில் எழுத வேண்டும் என்று முடிவானது. u-வை அகரத்துக்குப் போடக் கூடாது, ee, oo வேண்டாம் என்பதெல்லாம் அதில் அடங்கும். ஆனால் நீண்டகாலமாகப் புழங்கிப் பேர்போன ஊர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். சின்னக் கிராமங்களின் பெயர்கள் சீராயின. பெரிய நகரங்கள் விலக்குப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொண்டன. 1908இல் வந்த இம்பீரியல் கெசட்டியரிலும் Tinnevelly, Trichinopoly என்றே தலைப்புகள் இருக்கின்றன.

2020 ஜூனில் தமிழக அரசு வெளியிட்ட ஆணை இதைவிடத் துணிச்சலானது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாக அது அறிவித்தது. நோக்கம் எனக்கு முழுக்க உடன்பாடானது. ஆனால் கோயம்புத்தூர் Koyampuththoor ஆனது, வேலூர் Veeloor ஆனது. எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. வேலூரில் என்ன தவறு நடந்தது என்று பாருங்கள். ஏகாரம் நெடில், ஆகவே e-யை இரட்டித்தால் நீளும் என்று தமிழ் எழுத்தின் கணக்கில் யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் படிக்கப்போகிறவர் ஆங்கிலக் கணக்கில் ee-யை ஈகாரமாகப் படிப்பார். அவருக்கு அது 'வீலூர்'. டச்சுக்காரர் எழுதிய J-யை ஆங்கிலேயர் படித்த அதே கதைதான் இது, இருநூறு ஆண்டுக்கு மேல் கழித்து நம் கையாலேயே நடந்தது. ரோமன் எழுத்துக்குச் சொந்தமாக ஒலி கிடையாது. படிப்பவர் எந்த மொழிக்காரரோ அந்த மொழி அதற்கு ஒலி கொடுக்கிறது. யார் படிப்பதற்காக எழுதுகிறோம் என்பதை முடிவு செய்யாமல் சரியான எழுத்துக்கூட்டல் என்று ஒன்றை எட்டவே முடியாது. இன்று நம் பலகைகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் கற்ற இந்தியர்கள். அவர்களுக்கு Thoothukudi போதும், இன்னொரு th-உம் இன்னொரு k-யும் சேர்த்தால் தடுமாற்றம்தான் கூடும்.

சில பெயர்கள் திரும்பி வந்து தமிழுக்குள்ளேயே குடியேறிவிட்டன. புதுச்சேரி என்று 2006இல் ஆங்கிலத்திலும் அதிகாரபூர்வமாக மாற்றினார்கள். ஆனால் அந்த n-இல் பிறந்த 'பாண்டி' பேருந்து நிலையத்தில் நடத்துநர் குரலில் அப்படியே இருக்கிறது. கடலூரின் பழைய பெயர் கூடலூர், ஆறுகள் கூடுகிற இடம். ஆங்கிலேயர் அதை Cuddalore என்று எழுதினார்கள். but-இல் வரும் u-வைப் போலப் படித்தால் முதல் அசை 'கட' என்றுதான் வரும். இன்று தமிழிலும் ஊர் கடலூர், பக்கத்தில் கடல் இருப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. நீலகிரியில் தோடர்களின் குடியிருப்புக்கு 'மந்து' என்று பெயர். அந்த மந்தோடு முடிந்த ஒரு பெயரைத்தான் ஆங்கிலேயர் Ootacamund என்று எழுதினார்கள். நாம் 'மந்து' இருந்த இடத்தில் மண்டலத்தை வைத்து உதகமண்டலம் என்று அழகாக எழுதிக்கொண்டோம். சிதைத்தவர்கள் பட்டியலில் நாமும் ஒரு வரி எழுதியிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பழைய எழுத்துக்கூட்டல்கள் இன்னும் ஓரிடத்தில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ரயில் பயணச்சீட்டு எடுக்கும்போது திரையில் திருச்சிக்கு TPJ என்று வருகிறதே, அது Trichinopoly Junction. காஞ்சிபுரத்துக்கு CJ, அந்த C வந்தது Conjeeveram என்பதிலிருந்து. மயிலாடுதுறைக்கு MV, அதில் மாயவரம் ஒளிந்திருக்கிறது.

பலகையில் ஊர் தன் பெயரோடு நிற்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய வடிவங்களை மட்டும் அட்டவணைகளிலிருந்தும் தேடுபொறிகளிலிருந்தும் நீக்கிவிடக் கூடாது. தன் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று தேடுகிற பேத்தி ஒருத்தி, பழைய ஆவணத்தில் நாகப்பட்டினம் என்று தேடினால் அவர் கிடைக்கமாட்டார். Negapatam என்று தேட வேண்டும். கிடைக்காவிட்டால் Negapatnam என்று ஒரு முறை, Nagapatam என்று ஒரு முறை. எழுதிய எழுத்தர் எந்த நாட்டுக்காரர், அவர் முன்னால் எந்தக் கட்டு இருந்தது என்று யோசித்து, அடுத்த வடிவத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும்.